ஏர்போர்ட்ல மணிக்கணக்குல ரூம்: செக்யூரிட்டிக்கு உள்ளயா, வெளியயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டே ரூம், ட்ரான்சிட் ஹோட்டல், ஏர்போர்ட் ஹோட்டல் எல்லாம் ஒண்ணுதானா?

இல்லங்க, மூணும் வேற வேற, ஆனா புக்கிங் சைட்ல மூணையும் ஒரே லிஸ்ட்ல கலந்து போட்டுடுவாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

ட்ரான்சிட் ஹோட்டல்னா டெர்மினலுக்குள்ள, இமிக்ரேஷன் தாண்டாம, ஒரு ஃப்ளைட்ல இருந்து இறங்கி அடுத்த ஃப்ளைட்டுக்கு போற வழியிலயே இருக்கறது. பெரும்பாலும் இதுதான் மணிக்கணக்குல கிடைக்கும். தோஹா ஹமாத் ஏர்போர்ட்ல இருக்கற ஓரிக்ஸ் ஏர்போர்ட் ஹோட்டல் அப்படித்தான், அந்த நாட்டுக்குள்ள நுழையாமலே ரூமுக்கு போயிடலாம்.

ஏர்போர்ட் ஹோட்டல்னா டெர்மினலோட ஒட்டியோ, பாலம் வழியா நடந்து போற தூரத்துலயோ, இல்ல ஷட்டில் பஸ்ல போற தூரத்துலயோ இருக்கற சாதாரண ஹோட்டல். இதுக்கு போகணும்னா நீங்க அந்த நாட்டுக்குள்ள சட்டப்படி நுழைஞ்சாகணும். டே ரூம்ங்கறது இடத்தோட பேரு இல்ல, விக்கிற விதம்: இந்த மாதிரி வெளிய இருக்கற ஹோட்டல் பகல்ல காலியா இருக்கற ரூமை காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்னு கொடுக்கறது. ராத்திரி உங்களுக்கு டே ரூம் கிடைக்காது, அந்த நேரத்துல முழு ராத்திரி வாடகைதான்.

ஹோட்டல் உள்ள இருக்கா வெளிய இருக்கானு புக் பண்றதுக்கு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பேரை நம்பாதீங்க. "ட்ரான்சிட்"னு பேர்ல இருந்தா உள்ளதான்னு நினைச்சு நானே ஒரு தடவை மாட்டியிருக்கேன். காசு கட்டி, கன்ஃபர்மேஷன் எல்லாம் வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி தேடுனா, ஹோட்டல் அரைவல் ஹால்ல, அதாவது இமிக்ரேஷனுக்கு அந்தப்பக்கம். என்கிட்ட விசா இல்ல, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னு போன் பண்ணா ரிசப்ஷன்ல "வெளிய வாங்க சார்"ங்கறாங்க. காசும் போச்சு, மூணு சேரை ஒட்டிப் போட்டு படுத்ததுதான் மிச்சம்.

பிராண்டும் உதவாது. யோட்டல்ஏர்ங்கற ஒரே பேரை எடுத்துக்கோங்க. பாரிஸ் சார்ல்ஸ் டி கோல்ல டெர்மினல் 2ஈ-ல அது உள்ள இருக்கு. லண்டன் கேட்விக்ல வெளிய. சிங்கப்பூர் சாங்கில ஜூவல் கட்டடத்துல இருக்கு, அதுவும் வெளியதான். இஸ்தான்புல்ல இன்னும் வேடிக்கை, ஒரே ஹோட்டலுக்கு ரெண்டு பக்கமும் ரூம் இருக்கு, உள்பக்கம் யோட்டல்ஏர், வெளிப்பக்கம் யோட்டல்னு தனித்தனியா புக் பண்ணணும். "ஏர்"ங்கற அந்த ஒரு சொல்லை கவனிக்காம புக் பண்ணிட்டு அங்க போய் நின்னா உங்களுக்கு போட்ட ரூம் சுவத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும்.

அப்போ எதைப் பாக்கறது? ஹோட்டலோட சொந்த சைட்ல `airside`, `landside` இந்த ரெண்டு சொல்லைத் தேடுங்க. முதலாவது உள்ள, ரெண்டாவது வெளிய. இந்த சொல் இல்லன்னா "எப்படி வர்றது"ங்கற பக்கத்தைப் படிங்க. அதுல கேட் நம்பர், கான்கோர்ஸ், டூட்டி ஃப்ரீ கடைக்கு பக்கத்துலன்னு வழி சொன்னா உள்ள. அரைவல் ஹால், செக்-இன் கவுன்ட்டர், ரயில் ஸ்டேஷன், பார்க்கிங்னு சொன்னா வெளிய. ஷட்டில் பஸ் இலவசம்னு போட்டிருந்தா யோசிக்கவே வேண்டாம், வெளியதான். இன்னொரு நல்ல அடையாளம், உள்ள இருக்கற ஹோட்டல் புக்கிங்ல உங்க வர்ற ஃப்ளைட், போற ஃப்ளைட் நம்பரைக் கேப்பாங்க, இல்லன்னா "தொடர் பயணம் இருக்கறவங்களுக்கு மட்டும்"னு கண்டிஷன்ல ஒரு வரி இருக்கும். மேப் ஆப்பை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே கட்டடத்துக்கு மேல ஒரு புள்ளி வச்சிருப்பான், சுவருக்கு எந்தப்பக்கம்னு அதுல தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தா ஹோட்டலுக்கு ஒரு மெயில் போடுங்க, ஆனா "ஏர்போர்ட்டுக்குள்ளயா?"னு கேக்காதீங்க. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "நான் விசா இல்லாம, இமிக்ரேஷன் தாண்டாம உங்க ரிசப்ஷனுக்கு வர முடியுமா, என் ஃப்ளைட் இந்த டெர்மினல்"னு கேளுங்க. அதுக்கு வர்ற பதில்ல தப்பு நேர வழி இல்ல.

எனக்கு எது சரிப்படும்? உள்ளதா வெளியதா?

இதை உங்க ஆசை முடிவு பண்ணாது, உங்க டிக்கெட்டும் பெட்டியும்தான் முடிவு பண்ணும்.

ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல, ஒரே பிஎன்ஆர்ல இருந்து, முதல் ஏர்போர்ட்லயே பெட்டிக்கு கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டு, ரெண்டு போர்டிங் பாஸும் கைல கொடுத்துட்டாங்கன்னா நீங்க உள்ளயே இருக்கலாம். பெட்டியைப் பத்தி கவலையே இல்ல. செக்-இன் கவுன்ட்டர்ல பெட்டி டேக்ல இருக்கற மூணெழுத்து கோடை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, அதுல கடைசி ஊர் கோட் பெருசா இருக்கணும். நடுவுல இறங்கற ஊர் கோட்தான் கடைசின்னு இருந்தா பெட்டி அங்கயே பெல்ட்ல வந்து சுத்திக்கிட்டு இருக்கும், அதை எடுக்க நீங்க வெளிய போயே ஆகணும்.

ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா வாங்கி, பெட்டியும் இருந்தா, பெரும்பாலும் வெளிய போய்தான் தீரணும். இமிக்ரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ், அப்புறம் அடுத்த ஏர்லைன் கவுன்ட்டர். அந்த நிலைமைல உள்ள ரூம் போட்டு வச்சா என்ன ஆகும்னா, நீங்க ரூம்ல தூங்கிக்கிட்டு இருப்பீங்க, பெட்டி பெல்ட்ல இருந்து எடுத்து ஓரமா வச்சு, அப்புறம் லாஸ்ட் பேக்கேஜ் ரூமுக்கு போயிருக்கும்.

தனித்தனி டிக்கெட், ஆனா கைப்பை மட்டும்தான். உள்ள தங்க முடியுமா?

பல இடத்துல முடியும், ஆனா ரெண்டாவது ஃப்ளைட்டோட போர்டிங் பாஸ் ஆன்லைன்ல செக்-இன் பண்ணி போன்ல வந்திருக்கணும். ட்ரான்சிட் செக்யூரிட்டி வாசல்ல அதைத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க. சிக்கல் எங்கன்னா, நிறைய ஏர்லைன்ல ஆன்லைன் செக்-இன் 24 மணி நேரத்துக்கு முன்னாடிதான் திறக்கும், சில சர்வதேச ஃப்ளைட்டுக்கு பாஸ்போர்ட், விசா எல்லாம் நேர்ல பாத்தப்புறம்தான் போர்டிங் பாஸ் வரும், ஆன்லைன்ல வெறும் கன்ஃபர்மேஷன் பேப்பர்தான் கொடுப்பாங்க. அதை வச்சு உள்ள விட மாட்டாங்க. அந்த ஏர்லைனுக்கு ட்ரான்ஸ்ஃபர் டெஸ்க் உள்ள இருக்கானு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. சில குறைஞ்ச விலை ஏர்லைன்களுக்கு அப்படி ஒரு டெஸ்க்கே இருக்காது.

விசா இல்லாம உள்ள தங்கலாம்தானே?

பொதுவா ஆமா, ஆனா "வெளிய போகல, அதனால விசா வேண்டாம்"ங்கறது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஷெங்கன் நாடுகள்ல ஏர்போர்ட் ட்ரான்சிட் விசானு ஒண்ணு இருக்கு, ஏ டைப்னு சொல்லுவாங்க. குறிப்பிட்ட 12 நாட்டு பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் முழுக்க அது வேணும், அது போக சில ஷெங்கன் நாடுகள் தனியாவும் ஒரு லிஸ்ட் வச்சிருக்கு. பிரிட்டன்லயும் உள்ளயே மாறிப் போறதுக்கு ஒரு ட்ரான்சிட் விசா, இமிக்ரேஷன் தாண்டி மாறிப் போறதுக்கு வேற ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. அதனால ஹோட்டல் தேடறதுக்கு முன்னாடி உங்க பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டு ரூலை அந்த நாட்டு அரசாங்க சைட்ல பாருங்க, ஹோட்டல் சைட்ல இல்ல. ஹோட்டல்காரங்களுக்கு ரூம் விக்கறதுதான் வேலை.

அமெரிக்கால இறங்கி மாறணும், உள்ள இருக்கற ஹோட்டல் எதுவுமே கண்ல படலயே?

படாது, ஏன்னா அங்க சர்வதேச ட்ரான்சிட் பகுதிங்கற ஏற்பாடே கிடையாது. வேற நாட்டுக்கு போற வழியில சும்மா இறங்குனாலும் எல்லாரும் இமிக்ரேஷன் தாண்டணும், அதனால அதுக்கேத்த விசா வேணும், பெட்டியையும் பொதுவா எடுத்து மறுபடி கொடுக்கணும். அதுக்கப்புறம் நீங்க சட்டப்படி நாட்டுக்குள்ள இருக்கீங்க, எந்த ஹோட்டலுக்கு வேணும்னாலும் போகலாம். நியூயார்க் ஜேஎஃப்கேல டிடபிள்யூஏ ஹோட்டல் இருக்கு, 1962-ல திறந்த பழைய டெர்மினல் கட்டடத்தை 2019-ல ஹோட்டலா மாத்துனாங்க, பகல்ல மணிக்கணக்குல ரூம் தர்றாங்க, ஆனா செக்யூரிட்டிக்கு வெளிய. செக்யூரிட்டிக்கு உள்ள வேணும்னா மினிட் ஸ்வீட்ஸ்னு சின்ன சின்ன அறை அட்லாண்டா, டல்லாஸ் மாதிரி சில ஏர்போர்ட்ல இருக்கு, மணிக்கணக்குதான். ஹோட்டல்னு நினைச்சுப் போகாதீங்க, ஒரு சோபா படுக்கையும் கதவும்தான், ஆனா நாலு மணி நேரம் கண்ணை மூட அது போதும்.

மணிக்கணக்குன்னா உண்மையிலயே எத்தனை மணி நேரம் வேணும்னாலும் எடுக்கலாமா?

அப்படி இல்ல, பிளாக் பிளாக்கா விப்பாங்க. குறைஞ்சது இத்தனை மணி நேரம்னு ஒண்ணு இருக்கும், பல இடத்துல 3, 4 இல்ல 6. அதுக்கு மேல ஒவ்வொரு மணிக்கும் தனி காசு. நீங்க 7 மணி நேரம் தங்கணும்னா 6 மணி நேர பிளாக் போட்டு ஒரு மணி நேரம் கூட்டிக்கறதா, இல்ல 12 மணி நேர பிளாக்கே போடறதானு ரெண்டு கணக்கும் போட்டுப் பாருங்க, சில சமயம் பெரிய பிளாக் கொஞ்சம்தான் கூடுதலா வரும்.

நீட்டிக்கலாம்ங்கறது ரூம் காலியா இருந்தாத்தான். ராத்திரி 11-லிருந்து காலைல 6 வரைக்கும் ட்ரான்சிட் ஹோட்டல் நிறைஞ்சிடும், அப்போ "அடுத்தவங்க வெயிட் பண்றாங்க"னு கதவைத் தட்டிடுவாங்க. அதனால ராத்திரினா முழுசா புக் பண்ணுங்க, பகல்னா சின்ன பிளாக் போட்டு நீட்டிக்கலாம்.

கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்கும்ங்கறதும் கேட்டுக்கோங்க. சில இடத்துல நீங்க ரிசப்ஷன்ல வந்து நிக்கற நேரத்துல இருந்து. சில இடத்துல நீங்க புக் பண்ணும்போது போட்ட நேரத்துல இருந்து, நீங்க வந்தாலும் வராட்டியும். ரெண்டாவது வகைன்னா ஃப்ளைட் லேட்டானா உங்க காசுலதான் கழியும்.

ராத்திரி 1.30-க்கு இறங்கறேன், எந்த தேதிக்கு ரூம் போடறது?

நிறைய பேர் கவுர்ற இடம் இது. மணிக்கணக்கு ஹோட்டல்னா நேரத்தையும் தேதியையும் அப்படியே போடணும், 15-ஆம் தேதி அதிகாலை 1.30-ன்னா 15-தான். ஆனா வெளிய இருக்கற சாதாரண ஹோட்டல்ல 15-ஆம் தேதி செக்-இன்னு போட்டா, 15 மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான் ரூம். அதிகாலை 1.30-க்கு போய் நின்னா உங்களுக்கு இன்னும் ரூமே ஆரம்பிக்கல. அங்க 14-ஆம் தேதி ராத்திரிக்கு போட்டு, "லேட்டா, அதிகாலை ரெண்டு மணிக்கு வருவேன், ரூமை கேன்சல் பண்ணிடாதீங்க"னு முன்கூட்டி சொல்லி வைக்கணும். சொல்லலன்னா நீங்க வரலன்னு நோ-ஷோ போட்டுடுவாங்க.

எல்லா நேரமும் அந்த ஏர்போர்ட் ஊர் நேரம். டிக்கெட்ல போட்டிருக்கறதும் அதுதான், உங்க போன் இன்னும் கிளம்புன ஊர் நேரத்துல இருந்தா அதைப் பாத்து புக் பண்ணிடாதீங்க.

எனக்கு 11 மணி நேரத்துக்கு மேல கேப் இருக்கு, 11 மணி நேரத்துக்கே ரூம் போடணுமா?

வேண்டாம். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், இதை உங்க நேரத்துக்கு மாத்திக்கோங்க.

திங்கள் ராத்திரி 11.35-க்கு தரையிறங்குது, செவ்வாய் காலைல 10.50-க்கு அடுத்த ஃப்ளைட். பேப்பர்ல 11 மணி 15 நிமிஷம். ஒரே டிக்கெட், பெட்டி நேரா போகுது, விசா வேண்டாத ட்ரான்சிட், ஹோட்டல் உள்ள. தரையிறங்கி, கேட் வரைக்கும் ஓடி, கதவு திறந்து நீங்க வெளிய வர 20, 25 நிமிஷம். ட்ரான்சிட் செக்யூரிட்டில வரிசை அரை மணி நேரம்னு வச்சுக்கோங்க. நடை பத்து நிமிஷம். ரிசப்ஷன்ல கொஞ்சம். ஆக ராத்திரி 12.50 வாக்குல ரூம். காலைல என்னன்னா, போர்டிங் 10 மணி வாக்குல ஆரம்பிக்கும், கேட் 10.30-க்கு மூடிடும், நடைக்கும் கேட்ல வரிசைக்கும் சேர்த்து 9 மணிக்கு ரூமை விட்டா நிம்மதியா போகலாம். அப்போ 1-லிருந்து 9 வரைக்கும், 8 மணி நேரம். அதுல தூக்கம் ஏழு மணி நேரமாவது வரும்.

இப்போ அதே நேரம், அதே ஏர்போர்ட், ஆனா தனித்தனி டிக்கெட், பெட்டி இருக்கு, விசா கைல இருக்கு, ஹோட்டல் டெர்மினலை ஒட்டி வெளிய. இறங்க 25 நிமிஷம், இமிக்ரேஷன் 40, பெட்டிக்கு 20, நடையும் செக்-இன்னும் 20. மணி 1.20 ஆயிடும். காலைல கவுன்ட்டர் பொதுவா மூணு மணி நேரம் முன்னாடி, 7.50-க்கு திறக்கும், ஒரு மணி நேரம் முன்னாடி, 9.50-க்கு மூடிடும். அதுக்குள்ள பெட்டி கொடுத்து, வெளியேறுற இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் மறுபடி. 8 மணிக்கு ரூமை விட்டாகணும். ஆக 6 மணி 40 நிமிஷம்தான் ரூம்ல, ஆனா சாதாரண ஹோட்டல்ங்கறதால முழு ராத்திரிக்கு காசு. அதே 11.15 மணி நேரத்துல ஒண்ணரை மணி நேரம் வரிசைல போயிடுச்சு.

என் கணக்குக்கு, வெளிய போற கேஸ்ல கேப் 7 மணி நேரத்துக்கு கம்மின்னா ரூமே போடாதீங்க, ரூம்ல இருக்கப்போறது ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். உள்ளன்னா 6 மணி நேர கேப்புக்கே 3 மணி நேர பிளாக் பிரயோஜனப்படும்.

உள்ள தங்குனா செக்யூரிட்டி முடிஞ்சாச்சு, நேரா கேட்டுக்கு போயிடலாம்ல?

எல்லா ஏர்போர்ட்லயும் இல்ல. "உள்ள"ன்னு நாம சொல்றது இமிக்ரேஷனைத்தான், ஸ்கேன் மெஷினை இல்ல, ரெண்டும் எப்பவும் ஒரே இடத்துல இருக்காது. சாங்கில டெர்மினல் 1, 2, 3-ல பையை ஸ்கேன் பண்றது ஒவ்வொரு கேட் வாசல்லயும்தான். அங்க ட்ரான்சிட் ஹோட்டல்ல தூங்கி எழுந்து வந்தாலும் கேட்ல ஒரு வரிசை பாக்கி இருக்கு, ஹோட்டல்ல பிடிச்ச தண்ணி பாட்டிலை அங்க கொட்டித்தான் ஆகணும். அதனால அந்த மாதிரி ஏர்போர்ட்ல கேட் மூடற நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடி ஓடி வர்ற பழக்கம் ஆகாது.

ஹோட்டல் ஒரு டெர்மினல்ல, என் ஃப்ளைட் வேற டெர்மினல்ல. பரவாயில்லயா?

ரெண்டு டெர்மினலுக்கும் உள்பக்கமா வழி இருக்கானு மட்டும் பாருங்க. சாங்கில ஸ்கைட்ரெய்ன்ல 1, 2, 3-க்குள்ள உள்பக்கமாவே போகலாம், பிரச்சனை இல்ல. கோலாலம்பூர்ல டெர்மினல் 1-க்கும் 2-க்கும் நடுவுல போறதுக்கு வெளிய வந்து ரயிலோ பஸ்ஸோ பிடிக்கணும், அதாவது மலேசியாக்குள்ள நுழையணும். ரெண்டு டெர்மினல்லயும் உள்பக்கம் தங்கற இடம் இருக்கு, ஆனா உங்க டெர்மினல் தப்புன்னா அது வேற ஊர்ல இருக்கற ஹோட்டல் மாதிரிதான். டிக்கெட்ல டெர்மினல் நம்பரைப் பாத்துட்டு ஹோட்டலைத் தேடுங்க, ஹோட்டலைப் பாத்துட்டு டெர்மினலைத் தேடாதீங்க.

ஐரோப்பால இதுல இன்னொரு கோடு இருக்கு, ஷெங்கன் பகுதி, ஷெங்கன் அல்லாத பகுதின்னு. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல்ல உள்ள இருக்கற ஹோட்டல்கள் ஷெங்கன் அல்லாத பக்கம். வெளிநாட்டுல இருந்து வந்து ஒரு ஷெங்கன் ஊருக்கு மாறுறீங்கன்னா, முதல்ல ரூமுக்கு போய் தூங்கிட்டு அப்புறம் பாஸ்போர்ட் கன்ட்ரோல் தாண்டுங்க. தாண்டிட்டு ஹோட்டலைத் தேடுனா திரும்பிப் போக சிரமம்.

நான் மாறிப் போகல, அந்த ஊர்லதான் கிளம்பறேன். ராத்திரியே வந்து உள்ள இருக்கற ஹோட்டல்ல தங்கிக்கலாமா?

கவுன்ட்டர் திறந்து பெட்டி கொடுத்து உள்ள விட்டாத்தான், அது மூணு நாலு மணி நேரம் முன்னாடிதான் நடக்கும். ராத்திரி வந்து காலைல கிளம்பறவங்களுக்கு வெளிய இருக்கறதுதான் வழி. பயணம் முடிஞ்சு இறங்கறவங்களுக்கும் அதேதான், தொடர் பயணம் இல்லன்னா உள்ள ரூம் கொடுக்க மாட்டாங்க.

ஃப்ளைட் லேட்டாகி ரூம் டைம் போயிட்டா?

காசு திரும்ப வருமானு ஹோட்டல் கண்டிஷன்தான் சொல்லும், பல ட்ரான்சிட் ஹோட்டல்ல மலிவு ரேட்னா திருப்பித் தர மாட்டாங்க. என் பழக்கம், முதல் ஃப்ளைட் அடிக்கடி லேட்டாகற ரூட்னா கேன்சல் பண்ணக்கூடிய ரேட் போடுவேன், கிளம்பற ஏர்போர்ட்லயே லேட்னு தெரிஞ்ச உடனே ஹோட்டலுக்கு புது நேரத்தை மெயில்ல அனுப்பிடுவேன். ஃப்ளைட் நம்பரை முன்னாடியே கொடுத்திருந்தா பெரும்பாலும் மாத்திக் கொடுப்பாங்க, ரூம் இருந்தா.

ஒரே டிக்கெட்ல லேட்டாகி அடுத்த ஃப்ளைட்டை விட்டுட்டீங்கன்னா கதை வேற, அப்போ தங்க வைக்கற பொறுப்பு ஏர்லைன் பக்கம் போகலாம், சொந்தமா ரூம் போடறதுக்கு முன்னாடி ட்ரான்ஸ்ஃபர் டெஸ்க்ல கேளுங்க. அதே மாதிரி சில ஏர்லைன் அவங்களே கொடுத்த டைம்டேபிள்ல கேப் நீளமா இருந்தா இலவச ஹோட்டல் தர்றாங்க, எஸ்டிபிசினு பேரு. ஆனா அது தானா வராது, டிக்கெட் வாங்குனப்புறம் முன்கூட்டியே கேக்கணும், அதே நாள்ல வேற சீக்கிரமான கனெக்ஷன் இருந்தும் நீங்களே நீளமானதை எடுத்திருந்தா கிடைக்காது, கொடுக்கற ஹோட்டலும் அனேகமா வெளியதான், விசா கேள்வி மறுபடி வரும்.

ரூம்ல என்ன இருக்கும்? எதை கைல வச்சுக்கணும்?

ரூம்னு போட்டிருந்தாலும் குளியலறை உள்ளயா பொதுவானு பாருங்க, மலிவு ரேட்ல பொதுக் குளியலறையா இருக்கும். ஜன்னல் இல்லாத ரூம் ரொம்ப சகஜம், தூங்கறதுக்கு அது நல்லதுதான். குழந்தை இருந்தா கேபின், கேப்ஸ்யூல் வகைல வயசு லிமிட் இருக்கானு கேட்டுக்கோங்க.

பெரிய பெட்டி உங்ககிட்ட வராது, அது நேரா போயிக்கிட்டு இருக்கும். ஒரு செட் துணி, சார்ஜர், பிளக் அடாப்டர், மாத்திரை, 100 மில்லிக்கு மேல போகாத பேஸ்ட் எல்லாம் கைப்பைல இருக்கட்டும். இதை மறந்துட்டு குளிச்சிட்டு அதே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தவங்க நிறைய பேர்.

கடைசியா அலாரம். ரூம்குள்ள ஃப்ளைட் அறிவிப்பு கேக்காது, பல ஏர்போர்ட்ல இப்போ அறிவிப்பே பண்றதில்ல. போன்ல ரெண்டு அலாரம், ரிசப்ஷன்ல ஒரு வேக்-அப் கால், ரூமை விட்ட உடனே போர்டுல கேட் நம்பர் மாறியிருக்கானு ஒரு பார்வை, ஏன்னா நீங்க தூங்கும்போது மாத்தியிருப்பாங்க.